சிறு கொம்பனியின் கிளவுட் கணக்கைப் பொறுப்பெடுக்கிறீர்களா? முதலில் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சியில் ஒன்பது பேர் வேலை செய்கிற ஒரு சின்னக் கொம்பனி. அரிசி ஆலைகளுக்கும் நெல் வாங்கி விற்கிறவர்களுக்கும் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பதுதான் தொழில். எனக்கு முதல் அங்கே இருந்த பொறியியலாளர் வெளிநாடு போய்விட்டார். போகும்போது எனக்குத் தந்தது வட்ஸ்அப்பில் ஒரு வரி: பாவனையாளர் பெயரும் கடவுச்சொல்லும். "எல்லாம் அதுக்குள்ள இருக்கு அண்ணை" என்றார். பொய்யில்லை, எல்லாம் அதற்குள்தான் இருந்தது. அந்த "அது" யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஐந்து வாரம் எடுத்தது.

எங்கள் கணக்கு அமேசனின் ஏடபிள்யூஎஸ்ஸில் இருக்கிறது. ஆகவே கீழே உள்ளதெல்லாம் அதைப் பற்றியதே. திரையில் ஆங்கிலத்தில் வரும் பெயர்களை அப்படியே தந்திருக்கிறேன், தேடிப் பிடிக்கச் சுகமாக இருக்கும்.

ஒரு விடயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எதையும் அழிக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். பாருங்கள், கொப்பியில் எழுதுங்கள். முடிந்தால் பழையவர் நாட்டை விட்டுப் போகமுதல், அவருடன் ஒரே மேசையில் இரண்டு மணித்தியாலம் இருந்து முதல் இரண்டு படிகளையும் முடித்துவிடுங்கள். அவர் விமானம் ஏறிய பிறகு அதே வேலைக்கு வாரக்கணக்கில் இழுபட வேண்டிவரும்.

## 1. ரூட் யாருடைய கையில்?

உங்களுக்குத் தரப்பட்ட பாவனையாளர் பெயருக்கு `AdministratorAccess` இருக்கலாம். அதைப் பார்த்தவுடன் கணக்கு முழுக்க உங்கள் கையில் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கைத் திறந்த மின்னஞ்சல் முகவரிதான் ரூட். கணக்கின் ரூட் முகவரியை மாற்றுவது, மற்றப் பாவனையாளர்கள் பில்லைப் பார்க்கும் அனுமதியை முதன்முதல் திறந்துவிடுவது போன்ற சில வேலைகள் ரூட்டாக நுழைந்தால்தான் நடக்கும். வீட்டில் குடியிருப்பவருக்கு எல்லா அறைத் திறப்பும் இருக்கலாம், ஆனால் உறுதி இன்னொருவர் பெயரில் இருக்கும். அந்த மாதிரி.

உங்கள் லப்டொப்பில் `aws` கட்டளைக் கருவி மூலம் இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

```
aws sts get-caller-identity
aws iam get-account-summary
```

முதலாவது, நீங்கள் யாராக நுழைந்திருக்கிறீர்கள் என்பதையும் கணக்கின் 12 இலக்க எண்ணையும் காட்டும். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். `Arn` என்ற வரி `:root` என்று முடிந்தால், கடவுச்சொல்லுக்குப் பதிலாக மென்பொருள்கள் நுழையப் பாவிக்கும் கீ ஒன்றைப் பழையவர் ரூட்டுக்கே உருவாக்கி உங்களுக்குத் தந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கீ எங்கெல்லாம் போயிருக்கிறது என்று உடனே கேளுங்கள்.

இரண்டாவது கட்டளையில் இரண்டு வரியைப் பார்த்தால் போதும். `AccountMFAEnabled` 1 ஆகவும், `AccountAccessKeysPresent` 0 ஆகவும் இருக்க வேண்டும். முதலாவது, ரூட்டுக்குக் கடவுச்சொல்லைத் தவிர இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கிறதா என்று சொல்கிறது. பெரும்பாலும் அந்தப் பூட்டு கைத்தொலைபேசிச் செயலியில் வரும் 6 இலக்க எண்தான்.

எங்களுக்கு 1 என்றுதான் வந்தது. சந்தோசப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தச் செயலி இருந்த தொலைபேசியைப் பழையவர் வெளிக்கிட முதல் நாள் சுத்தமாக அழித்து விற்றுவிட்டார் என்று. பூட்டு இருக்கிறது, திறப்பு இல்லை.

இப்படியானால் ஒரு வழி இருக்கிறது. நுழையும் பக்கத்தில் `Troubleshoot MFA` என்று ஒரு இணைப்பு வரும். அது முதலில் ரூட் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் அனுப்பும். அதை உறுதிப்படுத்தினால், கணக்கில் பதிந்திருக்கும் தொலைபேசி எண்ணுக்கு ஓர் அழைப்பு வரும். எஸ்எம்எஸ் இல்லை, குரல் அழைப்பு. உங்கள் திரையில் தெரிகிற எண்ணை அந்தத் தொலைபேசியின் விசைகளில் அழுத்த வேண்டும். ஆகவே தொலைபேசியும் லப்டொப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அல்லது தொலைபேசி வைத்திருப்பவருடன் நீங்கள் இன்னொரு இணைப்பில் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பதிந்திருந்த எண் பழையவரின் சொந்தச் சிம். அது செத்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். வட்ஸ்அப்பில் கேட்டால், "அம்மாட சின்ன போனில போட்டிருக்கிறன்" என்றார். அம்மா இருப்பது புதுக்குடியிருப்பில். நானும் முதலாளியும் மோட்டார் சைக்கிளில் பரந்தன் சந்தியால் திரும்பி ஏ35 வீதியால் போனோம். விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "ரெண்டு மூண்டு தரம் ஒரு பொம்பிளை இங்கிலீசில கதைச்சவ தம்பி. எனக்கு விளங்கேல்லை, நான் வைச்சுப்போட்டன்." முதல் வாரம் கந்தோரில் இருந்து நான் முயன்றபோது போன அழைப்புகள்தான் அவை. அன்றைக்கு அழைப்பு வந்தவுடன் நான் எண்ணை அழுத்தினேன். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அந்தச் சிம் இல்லாதிருந்தால், உள்நுழையாமல் நிரப்பும் உதவிப் படிவம் வழியாக ஏடபிள்யூஎஸ்ஸிடம் நாங்கள்தான் உரிமையாளர் என்று காட்ட வேண்டி வந்திருக்கும். அந்த நிலை வரலாம் என்று எண்ணி இவற்றை இன்றைக்கே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்: கணக்கின் 12 இலக்க எண், கடைசி இரண்டு மாதப் பில்கள், காசு கட்டும் அட்டையின் கடைசி நான்கு இலக்கம், கொம்பனியின் வணிகப் பதிவுச் சான்றிதழ் பிரதி, முதலாளியின் அடையாள அட்டைப் பிரதி. அதன் பிறகு ஆவணம் தேட ஓடத் தேவையில்லை.

உள்ளே போனதும் செய்ய வேண்டியவை: `Account` பக்கத்தில் தொலைபேசி எண்ணைக் கொம்பனியின் பெயரில் எடுத்த சிம்முக்கு மாற்றுங்கள். அந்தச் சிம்முக்கு மறக்காமல் ரீலோட் போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பாவிக்காத எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது பூட்டை ஒரே தொலைபேசியில் வைக்காதீர்கள். ரூட்டுக்கு 8 கருவி வரை பதியலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எங்களில் முதலாளியின் தொலைபேசி ஒன்று, என்னுடையது ஒன்று.

## 2. மின்னஞ்சலும் டொமைனும் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கிறதா?

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. என்னைக் கேட்டால், முழுப் பட்டியலிலும் ஆபத்தானது இதுதான்.

எங்கள் ரூட் முகவரி கொம்பனியின் சொந்த டொமைனில் இருந்த ஒரு `info@` முகவரி. கேட்க ஒழுங்கானதாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த டொமைனின் பெயர்ப் பதிவுகள், அதாவது தபால் எந்த சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் `MX` வரி உட்பட, அதே ஏடபிள்யூஎஸ் கணக்கின் `Route 53` பகுதியில் இருந்தன. இப்போது இப்படி யோசியுங்கள். அட்டை காலாவதியாகிறது, பில் கட்டுப்படவில்லை, கணக்கு இடைநிறுத்தப்படுகிறது. பெயர்ப் பதிவுகளும் அதோடு நின்றுபோனால் `info@` முகவரிக்குத் தபால் வராது. தபால் வராவிட்டால் ரூட் கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் வராது. மற்றப் பாவனையாளர்களுக்குப் பில் அனுமதி திறக்கப்படாமல் இருந்தால், ரூட் இல்லாமல் அட்டையை மாற்ற வழியில்லை. பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

உங்களுடையது எப்படி என்று பார்க்க:

```
dig NS உங்கள்-டொமைன்
dig MX உங்கள்-டொமைன்
```

முதல் விடையில் `awsdns` என்று வந்தால், பெயர்ப் பதிவு `Route 53`இல் இருக்கிறது. அதே டொமைனில்தான் ரூட் முகவரியும் என்றால் முடிச்சு போட்டிருக்கிறது.

அவிழ்ப்பது சுலபம். கொம்பனியின் டொமைனோடு சம்பந்தமில்லாத ஒரு பொது மின்னஞ்சல் சேவையில், கொம்பனிக்கென்று மட்டும் ஒரு முகவரி திறந்து, ரூட்டை அதற்கு மாற்றுங்கள். புதிய முகவரிக்கு உறுதிப்படுத்தும் எண் வரும், அதைக் கொடுத்தால் முடிந்தது. உங்கள் சொந்த முகவரியைப் போடாதீர்கள். நாளைக்கு நீங்களும் போவீர்கள். அந்த முகவரியின் மீட்பு எண்ணாகவும் கொம்பனிச் சிம்மையே போடுங்கள்.

டொமைனை யாரிடம் வாங்கினார்கள், அந்தப் பதிவாளர் கணக்கின் கடவுச்சொல் யாரிடம், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதையும் இதே நாளில் கேட்டு எழுதிவிடுங்கள். `.lk` என்றால் அது தனிக் கணக்கு, ஏடபிள்யூஎஸ் பில்லில் தெரியாது.

## 3. பில்லை வரிவரியாக வாசியுங்கள்

முதலில் அட்டை. யாருடைய அட்டை, எந்த மாதம் காலாவதி, வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா. எங்களுடைய அட்டை முதலாளியின் டெபிட் அட்டை. வங்கி புது அட்டை தந்தபோது அதில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மாதம் பில் கட்டுப்படாமல், எச்சரிக்கைக் கடிதங்கள் ஒருவரும் திறக்காத `info@` பெட்டியில் கிடந்தன. `Account` பக்கத்தில் `Alternate contacts` என்று பில், இயக்கம், பாதுகாப்பு மூன்றுக்கும் தனித்தனி முகவரி போடலாம். பில்லுக்குக் கணக்கு எழுதுகிற பிள்ளையின் முகவரியைப் போட்டேன். அவர் ஒரு கடிதத்தையும் தவறவிடமாட்டார்.

பிறகு `Billing and Cost Management` பக்கத்தில் கடந்த மாதப் பில்லைத் திறந்து, சேவைவாரியாகவும் ரீஜன்வாரியாகவும் விரித்துப் பாருங்கள். ரீஜன் என்பது சேர்வர்கள் இருக்கும் பிரதேசம். கொன்சோல் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ரீஜனைத்தான் காட்டும். இங்கிருக்கிற நாங்கள் வழக்கமாக மும்பை `ap-south-1` அல்லது சிங்கப்பூர் `ap-southeast-1` பாவிப்போம். அவை இரண்டையும் பார்த்துவிட்டு "இவ்வளவுதான்" என்று நினைத்தால், தூரத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பில் மட்டும் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

எங்களில் அது நடந்தது. சேர்வர் மும்பையில். ஆனால் தரவுத்தளம் வட வேர்ஜினியாவில், `us-east-1`இல் இருந்தது. ஆரம்பத்தில் யாரோ ரீஜனை மாற்ற மறந்து உருவாக்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. `db.t3.small` என்ற சின்ன அளவு, `MySQL 5.7`. மணித்தியாலத்துக்கு 0.034 டொலர், மாதத்துக்கு ஏறத்தாழ 25 டொலர் வர வேண்டும். அதற்குக் கீழே `Extended Support` என்று இன்னொரு வரி. அது 146 டொலர்.

காரணம் இது. `MySQL 5.7`க்கான வழமையான ஆதரவு 2024 பெப்ரவரி 29 உடன் முடிந்தது. அதன் பிறகும் அதே பதிப்பில் இருப்பவர்களிடம் ஏடபிள்யூஎஸ் நீடித்த ஆதரவுக் கட்டணம் எடுக்கிறது. அந்த ரீஜனில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு விசிபியுவுக்கு, அதாவது ஒரு மெய்நிகர் புரொசசருக்கு, மணித்தியாலத்துக்கு 0.10 டொலர், மூன்றாம் ஆண்டு அதன் இரட்டிப்பு. எங்கள் அளவில் இரண்டு விசிபியு. 2 × 0.10 × 730 மணித்தியாலம் = 146. தரவுத்தளத்தின் விலையைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு, பதிப்பு பழையது என்ற ஒரே காரணத்துக்காக. பழையவர் இதைக் கவனித்திருக்கவே இல்லை. முதலாளிக்கோ "கிளவுட் விலை ஏறிப்போச்சு" என்பதுதான் தெரியும்.

இதைக் கண்டவுடன் பதிப்பை உயர்த்த ஓடாதீர்கள். 5 ஆம் படியை முடித்துவிட்டு, பிரதி ஒன்றில் உயர்த்திப் பார்த்து, மென்பொருள் அதோடு ஓடுகிறதா என்று பார்த்த பிறகே உண்மையானதில் கை வைக்க வேண்டும். எந்தப் பதிப்புக்குப் போனாலும் அதற்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு. அதை எழுதி வையுங்கள்.

இன்னொரு சின்ன வரி: பொது ஐபி முகவரி. 2024 பெப்ரவரி 1 முதல் பாவனையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் `IPv4` முகவரி ஒன்றுக்கு மணித்தியாலத்துக்கு 0.005 டொலர், மாதம் 3.65. சிறுகாசுதான், ஆனால் எங்களிடம் யாரும் பாவிக்காத நான்கு கிடந்தன.

## 4. சாவிகளை எண்ணுங்கள், உடைக்காதீர்கள்

யார் யார் உள்ளே வரலாம் என்று ஒரே பார்வையில் காட்டும் அறிக்கை ஒன்று இருக்கிறது:

```
aws iam generate-credential-report
aws iam get-credential-report --query Content \
  --output text | base64 -d > report.csv
```

புதிய அறிக்கை 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் உருவாகும். அதற்குள் ஏதாவது மாற்றிவிட்டுத் திரும்ப எடுத்தால் பழையதே வரும், குழம்ப வேண்டாம். அதை எக்செல்லில் திறந்து `mfa_active`, `access_key_1_active`, `access_key_1_last_used_date`, `access_key_1_last_used_service` என்ற நான்கு நிரல்களைப் பாருங்கள். ஒருவருக்கு இரண்டு கீ இருக்கலாம், `access_key_2` நிரல்களையும் பார்க்க மறக்காதீர்கள்.

எங்களுக்கு ஐந்து பெயர் வந்தது. மூன்று பேர் வேலையை விட்டுப் போனவர்கள். நான்காவது `backup-user`, நான் பார்த்ததற்கு முந்தின இரவுகூட கோப்புகள் வைக்கும் `s3` சேவையைப் பாவித்திருக்கிறது. இது எந்தக் கணினி என்று கொம்பனியில் எவருக்கும் தெரியாது. `CloudTrail` பகுதியின் `Event history` கடந்த 90 நாள் நடந்ததைக் காட்டும் என்பதால் அங்கே தேடினேன். ஒன்றும் இல்லை. இங்கேதான் நான் தடுக்கி விழப்பார்த்தேன். அந்தப் பட்டியலில் உருவாக்குவது, மாற்றுவது, அழிப்பது போன்ற நிர்வாக வேலைகள்தான் பதியும். `S3`இல் ஒரு கோப்பை ஏற்றுவது அதில் வராது. அங்கே வெறுமை என்பதற்காகக் கீ தூங்குகிறது என்று முடிவெடுக்காதீர்கள். அறிக்கையின் திகதியையே நம்புங்கள்.

கடைசியில், `S3`இல் அந்தக் கோப்புகளின் பெயரில் ஆலையின் சுருக்கப் பெயர் இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தோம். பரந்தன் பக்கம் உள்ள ஓர் ஆலையின் கந்தோர்க் கணினி, ஒவ்வோர் இரவும் தன் தரவுப் பிரதியை ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கீயை நான் அழித்திருந்தால் ஒரு சத்தமும் வந்திராது. பிரதி மட்டும் நின்றிருக்கும். அந்தக் கணினி பழுதாகிற நாளில்தான் தெரியவந்திருக்கும்.

ஐந்தாவதுதான் உண்மையான பொறி. நான்கு மாதமாகப் பாவிக்கப்படவில்லை. எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் 90 நாள் தாண்டினால் நீக்கு என்று இருக்கும். ஆனால் அதைப் பாவிக்கும் நெல் கொள்வனவுப் பகுதி காலபோக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும்தான் ஓடும், இடையில் தூங்கும். எங்கள் வாடிக்கையாளரின் வருடம் அப்படி. உங்களுடையவர்கள் மீன் வாடிக்காரர் என்றாலும், பாடசாலைக் கட்டணம் வாங்குபவர்கள் என்றாலும் அவர்களுடைய பருவத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஆகவே அழிக்காமல் அணையுங்கள்:

```
aws iam update-access-key --user-name பெயர் \
  --access-key-id AKIA... --status Inactive
```

ஏதாவது உடைந்தால் `Active` என்று திருப்பிப் போட்டால் அதே கீ உயிர்பெறும். அழித்த கீ திரும்பாது. மாதமுடிவு வேலை ஒன்று ஒளிந்திருக்கலாம் என்பதால் குறைந்தது 35 நாள் அணைத்து வைத்தேன், பருவகாலச் சந்தேகம் உள்ளதை அடுத்த அறுவடை முடியும்வரை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அணைக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில், எல்லாரும் கந்தோரில் இருக்கும்போது, ஒவ்வொன்றாக.

## 5. பிரதியைத் திருப்பி எடுத்துப் பாருங்கள்

"பக்கப் இருக்கு" என்று சொல்வார்கள். எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். `RDS` தரவுத்தளத்தின் தானியங்கிப் பிரதி 0 முதல் 35 நாள் வரை வைக்கலாம். கொன்சோலில் உருவாக்கினால் வழமையாக 7 நாள் இருக்கும், கட்டளை மூலம் உருவாக்கினால் 1. எங்களுடையது 1. சனிக்கிழமை ஒருவர் தவறாக அழித்ததைத் திங்கட்கிழமை கண்டுபிடித்தால் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. 14 ஆக்கினேன்.

திருப்பி எடுக்கும்போது அது பழையதன் மேல் எழுதாது, புதிய பெயரில் புதிய தரவுத்தளமாக எழும்பும். ஆகவே வேலை நேரத்திலேயே பயமில்லாமல் செய்து பார்க்கலாம். எழும்பியதும் அதற்குள் போய், நேற்றைய கடைசிப் பற்றுச்சீட்டு எண் என்ன என்று பாருங்கள். பிறகு கந்தோரில் உள்ள அச்சிட்ட பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். "திறந்தது, அட்டவணைகள் தெரிகின்றன" என்பது சோதனை இல்லை. பொத்தானை அழுத்தியதில் இருந்து அந்த எண்ணைக் கண்ணால் காணும்வரை எத்தனை நிமிடம் எடுத்தது என்றும் எழுதுங்கள். தரவுத்தளம் விழுந்தால் முதலாளி கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

சோதனை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். நிறுத்தி வைத்தால் போதும் என்று நான் ஒருமுறை விட்டேன். நிறுத்திய `RDS` 7 நாளில் தானாகத் திரும்ப ஓடத் தொடங்கும். அடுத்த மாதப் பில்லில் இரண்டு தரவுத்தளம் வந்தது. அழிக்கும்போது பெயரை இரண்டுதரம் வாசியுங்கள்.

## 6. பழையவரின் கணக்கை மூடுவது கடைசியில்

பழையவரின் பெயரை முதல் நாளே நீக்கச் சொல்லி முதலாளி கேட்பார். கடவுச்சொல்லால் நுழைவதை அன்றைக்கே நிறுத்துங்கள், அதில் தவறில்லை. ஆனால் அவருடைய கீ ஏதாவது சேர்வருக்குள் எழுதப்பட்டிருக்கலாம். எங்களில் பற்றுச்சீட்டு அனுப்பும் நிரல் அவருடைய சொந்தக் கீயில்தான் ஓடியது. அதற்கென்று சேர்வருக்கு ஒரு தனி அனுமதி கொடுத்து, நிரலை மாற்றி, அவருடைய கீயை அணைத்து, ஒரு மாதமுடிவு கடந்த பிறகே பெயரை நீக்கினேன்.

அவருக்கு முதலே சொல்லிவிட்டுச் செய்தேன். "சரி அண்ணை, அப்ப அம்மாட போன்ல இருந்து அந்தச் சிம்மக் கழட்டலாமோ?" என்று கேட்டார். `Account` பக்கத்தை இன்னொருமுறை திறந்து, எண் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஓம் என்றேன்.